பத்து கிரிஸ்டல், மூன்று ஜோக், ஐந்து கேப்

மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் டிராகனைக் கொல்லும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அந்த டிராகன் எங்கே இருக்கும், எப்படிச் சாகும் என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. முடிவு தெரிந்த கதையை மறுபடி மறுபடி எதற்குப் பார்க்கிறார்கள் என்றால், ஆடுகிறவர் பேசுவதைக் கேட்கத்தான். அந்தப் பேச்சு வாய்க்கு வந்தபடி வருகிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நன்றாகப் பேசுகிற பலர் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருப்பார்கள். அதில் ஆட்டத்தின் வியூகத்தை விளக்கும் சில பத்திகள், இரண்டு மூன்று ஜோக், அவற்றுக்கு நடுவே வேண்டுமென்றே காலியாக விட்ட இடங்கள் இருக்கும். அந்தக் காலி இடத்துக்குத் தொழிலில் ‘கேப்’ என்று பெயர். திடீரென்று ஏதாவது நடக்கும்போது தன்னையறியாமல் வாயிலிருந்து வருகிற சத்தத்துக்கும் சொல்லுக்குமான இடம் அது.

தானாக வருவதற்கு எதற்குத் தாளில் இடம் என்று கேட்கலாம். ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு மேலே மைக் பிடித்திருப்பவரைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். எந்த ஊர் மாடு, யாருடைய மாடு, பிடித்தால் சைக்கிளா, பீரோவா, கட்டிலா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் சீட்டில் உண்டு. மாடு வெளியே பாய்ந்த பிறகு அவர் சொல்வது எந்தச் சீட்டிலும் கிடையாது. ஆனால் சீட்டில் இருப்பதை மாடு வருவதற்கு முன்பே அவர் படித்து முடித்துவிடுவார். திமிலில் ஒருவன் தொங்கிக்கொண்டிருக்கும்போது பரிசு விவரம் வாசித்துக்கொண்டிருந்தால் கூட்டம் அவரைப் பார்த்துத்தான் கத்தும். கேமிங் கமென்ட்ரிக்கான ஸ்கிரிப்டின் வேலையும் இதுதான். எழுதியதை எப்போது சொல்லி முடிக்க வேண்டும், எந்த இடத்தில் தாளை மறந்துவிட வேண்டும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்து வைப்பது.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். மைன்கிராஃப்ட் சுவீடனின் மொஜாங் நிறுவனம் உருவாக்கியது. 2011 நவம்பரில் முழு வடிவில் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. சதுரக் கட்டைகளால் ஆன உலகம். வெட்டலாம், கட்டலாம், ஆடு மாடு வளர்க்கலாம், முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் முடிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ‘எண்ட்’ என்ற இருண்ட உலகத்துக்குள் போனால், நடுவில் ஒரு தீவு, அதற்கு மேலே வட்டமடிக்கும் எண்டர் டிராகன். ஆடுபவருக்கு 20 உயிர்ப்புள்ளி என்றால் டிராகனுக்கு 200. தீவில் அப்சிடியன் என்ற கருங்கல்லால் ஆன பத்துத் தூண்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு கிரிஸ்டல். டிராகன் பக்கத்தில் பறக்கும்போதெல்லாம் கிரிஸ்டலிலிருந்து ஒரு கதிர் பாய்ந்து அதன் காயத்தை ஆற்றும். தீவுக்கு வெளியே அடியில்லாத பாதாளம்.

இந்தச் சண்டைக்குப் பதினான்கு நிமிட வீடியோ ஒன்று எடுப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கான தாளை எழுதிப் பார்ப்போம். சாதாரணமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் வரும். அப்படியானால் பதினான்கு நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சொல் எழுத வேண்டும் என்று முதல்முறை எழுதுகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். ஐந்நூறைத் தாண்டினாலே தாள் ஆளைத் தின்ன ஆரம்பித்துவிடும் என்பது என் கட்சி. மிச்சம் பேச்சு ஆட்டத்திலிருந்து வர வேண்டும்.

இன்னொரு பழக்கமும் ஆரம்பத்திலேயே விட வேண்டியது. ‘3-ஆவது நிமிடம்: ஜோக்’ என்று நேரத்தைக் குறித்து எழுதுவது. சினிமா ஸ்கிரிப்டுக்கு அது சரி. இங்கே மூன்றாவது நிமிடத்தில் ஆடுபவர் உயிரோடு இருப்பாரா என்பதே தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் திரையில் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்ட வேண்டும். ‘முதல் கிரிஸ்டல் வெடித்ததும்’, ‘டிராகன் நடுவில் வந்து உட்கார்ந்ததும்’ என்று எழுதினால் அது எட்டாவது நிமிடத்தில் நடந்தாலும் தாள் வேலை செய்யும்.

எழுதும் வரிசையில் வியூகம்தான் முதலில். ஏனென்றால் அதற்குத்தான் அமைதியான நேரம் தேவைப்படுகிறது, அமைதியான நேரம் இந்தச் சண்டையில் மிகக் குறைவு. கிரிஸ்டலை ஏன் முதலில் உடைக்க வேண்டும் என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்ல வேண்டும். இதைப் பலரும் எண்டுக்குள் நுழைந்த பிறகு சொல்ல ஆரம்பிப்பார்கள். அங்கே டிராகன் தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறது. யார் காதில் விளக்கம் ஏறும்? அதற்கு முந்தைய அறைதான் சரியான இடம். எண்டுக்குப் போகும் வாசல் பன்னிரண்டு சட்டங்களால் ஆனது. ஒவ்வொரு சட்டத்திலும் ‘எண்டர் கண்’ என்ற ஒன்றைப் பொருத்த வேண்டும். ஒன்றிரண்டில் ஏற்கெனவே இருக்கலாம், மற்றதை நாம்தான் வைக்க வேண்டும். அந்த அறையில் பூச்சிகள் வரும் கூட்டை உடைத்துவிட்டால் பிறகு பெரிய ஆபத்தில்லை. கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. கண் சும்மா இருக்கிறது. வாய்க்கு ஏற்ற நேரம். தாளில் அந்த இடத்தில் இப்படி இருக்கும்:

“டிராகனை எடுத்தவுடனே அடிச்சா பிரயோஜனம் இல்ல. / மேல இருக்கிற கிரிஸ்டல் செகண்டுக்கு ரெண்டு பாயின்ட் ஏத்திவிட்டுட்டே இருக்கும். / நாம கஷ்டப்பட்டு அம்பு விட்டு எடுத்தத, அது ஒரு ரவுண்டு பறந்துட்டு வர்றதுக்குள்ள திரும்ப வாங்கிக்கும். / அதனால மொதல்ல கிரிஸ்டல். / டிராகனுக்கு ஏத்திட்டு இருக்கும்போதே அந்தக் கிரிஸ்டல உடைச்சீங்கன்னா, அதுக்குப் பத்து பாயின்ட் அடி. அது போனஸ்.”

சாய்கோடுகள் நிறுத்தும் இடங்கள். இவற்றில் எந்தக் கோட்டில் பேச்சு அறுந்தாலும் அதுவரை சொன்னது முழுசாக நிற்கும். ‘முதலாவதாக, இரண்டாவதாக’ என்று ஆரம்பித்தால் அது நடக்காது. இரண்டாவதற்குள் ஏதாவது வெடித்துவிட்டால் பார்ப்பவர் அந்த இரண்டாவதைத் தேடிக்கொண்டே இருப்பார். இன்னொன்று, இது பேசுவது போலவே எழுதப்பட்டிருக்கிறது. ‘கிரிஸ்டலை முதலில் தகர்க்க வேண்டும்’ என்று தாளில் இருந்தால் வாய் அதைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றும் வேலையையும் ஆட்டத்துக்கு நடுவே செய்ய வேண்டியிருக்கும். அந்தத் தடுமாற்றம் காதில் நன்றாகக் கேட்கும். வாக்கியக் கடைசியில் குரல் ஒரே மாதிரி இறங்கினால், ஆள் வாசிக்கிறார் என்று அர்த்தம்.

வியூகத்தின் அடுத்த துண்டு, டிராகன் இறங்கி உட்காரும் நேரத்தைப் பற்றியது. தீவின் நடுவே நீரூற்று போன்ற ஒரு மேடை இருக்கிறது. டிராகன் அவ்வப்போது அதன் மேல் வந்து உட்காரும். உட்கார்ந்திருக்கும்போது அம்பு அதை ஒன்றும் செய்யாது. வாளோடு கிட்டே போக வேண்டும், வாயிலிருந்து வரும் ஊதா நிறப் புகைக்கு விலகி நிற்க வேண்டும். இதை எங்கே சொல்வது? பத்துத் தூண்களில் உயரம் குறைந்தவற்றுள் இரண்டின் கிரிஸ்டலைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு உண்டு. கீழிருந்து அம்பு விட்டு அதை உடைப்பது பெரும்பாடு. காலடியில் கட்டையை வைத்து வைத்து மேலே ஏறிப் போய்க் கம்பியை உடைப்பது வழக்கம். அந்த ஏற்றத்தில் திரையில் கருங்கல் சுவரைத் தவிர எதுவும் தெரியாது. தாளில் இரண்டாவது விளக்கத்தை அங்கே வைக்கலாம். ஆனால் இது வாசல் அறை மாதிரிப் பத்திரமான இடமில்லை. டிராகன் பாதியில் வந்து இடித்துத் தள்ளினால் உயரத்திலிருந்து விழ வேண்டியதுதான். அதனால் நான்கு வரிக்கு மேல் கூடாது, கடைசி வரி இல்லாமல் போனாலும் குடிமுழுகக் கூடாது.

இனி ஜோக். எழுதி வைத்த ஜோக் எழுதி வைத்தது போலவே கேட்பதற்கு முக்கியக் காரணம், அது திரையில் இருக்கும் எதையும் தொடாமல் அந்தரத்தில் வருவதுதான். நல்ல ஜோக் ஆட்டத்தின் விதியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சொல்லும்போதே வியூகமும் பாதி புரிந்துவிடும். எண்டில் எண்டர்மேன் என்று உயரமான கறுப்பு உருவங்கள் நிறைய அலையும். பேசாமல் போனால் அவை ஒன்றும் செய்யாது. முகத்தைப் பார்த்துவிட்டால் மட்டும் பாய்ந்து வந்து அடிக்கும். இதற்கு ஆட்டத்திலேயே ஒரு பரிகாரம் இருக்கிறது. முகம் செதுக்கிய பூசணிக்காயைத் தலையில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு பார்த்தாலும் அவற்றுக்குக் கோபம் வராது.

பூசணிக்காய், பார்வை தோஷம். மைன்கிராஃப்டை உருவாக்கியவர்கள் ஹாலோவீனை மனதில் வைத்துச் செய்த பூசணியை, நம் வீட்டு வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரியே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

“எங்க ஊர்ல புது வீடு கட்டினா திருஷ்டிப் பூசணிய வாசல்ல கட்டுவாங்க. இங்க வீடே கிடையாது. அதனால தலையிலயே கட்டிக்கிட்டேன்.”

இந்த ஜோக்கைத் தாளில் முழுதாக எழுத வேண்டியதில்லை. ‘திருஷ்டி – வாசல்’ என்று இரண்டு சொல், பிறகு ‘தலையிலயே கட்டிக்கிட்டேன்’ என்ற கடைசி வரி மட்டும் அப்படியே. முன்பகுதி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறி வரலாம், வரவும் வேண்டும். சிரிப்பு வரும் கடைசிச் சொல் மட்டும் தடுமாறக் கூடாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது ஆடும்போது தெரியாது, எடிட் பண்ணும்போதுதான் தெரியும். பூசணியை மாட்டியதும் ஆடுபவரின் திரை இருண்டு, முகத்தில் செதுக்கிய ஓட்டைகள் வழியாக மட்டும் வெளியே தெரியும். ஆடுபவருக்கு மட்டுமல்ல, வீடியோ பார்ப்பவருக்கும் அதே திரைதான். பதினான்கு நிமிடமும் பூசணிக்குள்ளிருந்து உலகத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. தவிர, அது தலைக்கவசத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அடி அதிகமாக விழும். ஆட்டத்துக்கு நல்லதாகத் தெரிகிற ஒரு முடிவு வீடியோவுக்குக் கெடுதலாகும் இடம் இது. அதனால் தாளில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்: உள்ளே நுழையும்போது பூசணி, ஜோக் சொன்னதும், தீவுக்கு வந்து நின்றதும், கழற்றிவிடு. பிறகு குனிந்து நடந்துகொள்.

இரண்டாவது ஜோக் தூண்களுக்கு. இது ஒருமுறை சொல்லிவிட்டு, ஒவ்வொரு தூணிலும் லேசாகத் தொட்டுப் போகிற வகை. முதல் தூணில் ஏறும்போது, “பத்து அபார்ட்மென்ட் கட்டியிருக்கான், ஒண்ணுலயும் லிஃப்ட் வைக்கல. இதுக்கு யாரு சிஎம்டிஏ அப்ரூவல் குடுத்தா?” இரண்டாவது கூண்டுத் தூணில் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டு “அப்ரூவல்...” என்று முனகினால் போதும். மூன்றாவது முறை சொல்லக் கூடாது. திரும்ப வரும் ஜோக்கை எழுதுபவர்கள் தோற்பது எப்போதும் அந்த மூன்றாவது முறையில்தான்.

மூன்றாவது ஜோக் கட்டிலுக்கு. எண்டில் கட்டிலில் படுக்கப் போனால் அது வெடிக்கும். ஆட்டத்தின் டிஎன்டி வெடியைவிடப் பலமாக. இதையே ஆயுதமாக்கிக்கொண்டவர்கள் உண்டு. டிராகன் மேடையில் வந்து தலையைத் தாழ்த்தும்போது, அதன் தலைக்கருகே கட்டிலை வைத்து, தனக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு கட்டையை மறைப்பாக வைத்துக்கொண்டு, படுப்பது போல் கட்டிலைச் சொடுக்குவார்கள். டிராகனின் உடம்பில் படும் அடியைவிடத் தலையில் படும் அடி பல மடங்கு. “இந்த உலகத்துல படுத்தா எந்திரிக்க மாட்ட. அதனால அவன படுக்க வைப்போம்” என்பது தாளில் உள்ள வரி. இதை எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. கட்டிலை வைத்த பிறகு சொல்ல நேரமே இருக்காது. தலை இறங்குவதற்கும் சொடுக்குவதற்கும் நடுவில் வாயைத் திறந்தால் கை பிந்தும். சொடுக்கு பிந்தினால் வெடி டிராகனுக்குப் பதில் வெற்றிடத்தில். எனவே இந்த ஜோக் டிராகன் மேடையை நோக்கி வளைந்து இறங்கத் தொடங்கும் அந்தச் சில நொடிகளுக்கு எழுதப்பட்டது. அங்கே தவறவிட்டால் விட்டதுதான். ஆபத்தின் உச்சத்தில் ஜோக் வைக்காதே என்பதைத் தவிர இந்தத் தொழிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விதி வேறு இல்லை.

இப்போது கேப். ‘[இங்கே ரியாக்‌ஷன்]’ என்று மட்டும் எழுதி விடுவது பெரும்பாலான தாள்களில் காணப்படும் வழக்கம். அதைப் படிக்கிற ஆள் அந்த இடத்தில் கட்டாயமாக எதையாவது செய்வார். கத்துவார். நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். கேப்புக்குள் என்ன வர வேண்டும் என்று எழுதக் கூடாது. கேப்பின் இரண்டு கரைகளைத்தான் எழுத வேண்டும்: எது நடந்ததும் திறக்கிறது, எந்த வரியில் மூடுகிறது. முதல் கிரிஸ்டலுக்கான கேப் தாளில் இப்படி இருக்கும்:

கேப் 2
திறப்பது: முதல் கிரிஸ்டல் வெடித்ததும்
அதிகபட்சம்: 8 நொடி
இதற்குள் வேண்டாதது: வியூகம், நன்றி, சப்ஸ்கிரைப்
மூடும் வரி: “சரி, இன்னும் ஒம்பது இருக்கு.”

அந்த மூடும் வரிதான் உயிர்நாடி. உண்மையிலேயே அதிர்ந்தவருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாது, ‘ஓகே... ஓகே... சரி...’ என்று இழுத்துக்கொண்டே போவார். கையில் ஒரு சின்ன வரி தயாராக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம். அந்த வரி எந்த மாதிரி அதிர்ச்சிக்குப் பிறகும் பொருந்த வேண்டும். அம்பு முதல் தடவையே பட்டிருந்தாலும், இருபது அம்பு வீணாகியிருந்தாலும், ‘இன்னும் ஒம்பது இருக்கு’ சரியாகவே இருக்கும். முதல் நிலையில் அது பெருமை, இரண்டாவதில் புலம்பல்.

இந்த வீடியோவில் ஐந்து கேப். முதலாவது எண்டுக்குள் காலடி வைத்ததும். அங்கே ஒரு சின்னக் கருங்கல் மேடையில்தான் வந்து நிற்போம். மேடையின் இடம் மாறாது, ஆனால் தீவு ஒவ்வொரு உலகத்திலும் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்திருக்கும். சில உலகங்களில் மேடை தீவைவிட்டுத் தனியே அந்தரத்தில் நிற்கும், கட்டைகளால் பாலம் போட வேண்டும். சிலவற்றில் தீவின் வயிற்றுக்குள் புதைந்திருக்கும், தோண்டி வெளியேற வேண்டும். எது என்று நுழையும்வரை தெரியாது. எனவே இந்தக் கேப்புக்கு இரண்டு மூடும் வரிகள். இரண்டாவது, மேலே சொன்னது. நான்காவது டிராகன் முதல்முறை உட்காரும்போது. ஐந்தாவது அது சாகும்போது.

மூன்றாவதற்கு இடமே கிடையாது. அதைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். டிராகனின் சிறகு பட்டு ஆள் வானத்தில் தூக்கி எறியப்படுவது, தவறிப்போய் எண்டர்மேன் முகத்தைப் பார்த்துவிடுவது, பாலத்தின் விளிம்பில் கால் சறுக்குவது எல்லாம் இந்த வகை. இதற்கு மூடும் வரி ஒன்றுதான்: “எங்க விட்டேன்?” விளக்கத்துக்கு நடுவில் தூக்கி எறியப்பட்டால், தண்ணீர் வாளியைக் காலடியில் கொட்டி உயிர் பிழைத்த பிறகு, ‘எங்க விட்டேன்?’ என்று கேட்டுவிட்டு, கடைசிச் சாய்கோட்டிலிருந்து தொடரலாம். அங்கே சாய்கோடு போட்டு வைத்ததன் அருமை தெரியும்.

சாவும் தாளில் இருக்க வேண்டும். இரண்டு விதச் சாவு. தரையில் செத்தால் கொண்டுபோன பொருள்கள் அங்கேயே சிதறிக் கிடக்கும். உடைத்த கிரிஸ்டல் உடைந்ததுதான், டிராகனுக்கு விழுந்த அடியும் விழுந்ததுதான். ஓடி வந்து எடுத்துக்கொள்ளலாம், வீடியோ தொடரும், அந்த ஓட்டமே நல்ல காட்சி. பாதாளத்தில் விழுந்தால் கதை வேறு. கத்தி, வில், கவசம் அத்தனையும் போச்சு. அதற்குப் பிறகு ‘டிராகனைக் கொல்வது எப்படி’ என்ற வீடியோவே இல்லை. ‘அத்தனையும் போன பிறகு’ என்று வேறொரு வீடியோ. அந்த நிலைக்குத் தாளில் ஒரே ஒரு வரி: “பேசாதே. கேமை நிறுத்தாதே.” உள்ளே போகும் முன் அந்த உலகத்தின் ஃபோல்டரை நகலெடுத்து வைத்துக்கொண்டு, செத்தால் திரும்ப அதே இடத்திலிருந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடட்டும், ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஆடட்டும். சொல்லாமல் ஆடினால் முதலில் மாட்டிக்கொள்வது கேப்தான்.

எப்படி மாட்டும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நிஜமாகத் திடுக்கிடும்போது முதலில் கை ஆடும். மவுஸ் துள்ளும், அதனால் திரையின் நடுவில் இருக்கும் குறி ஒரு பக்கம் வெட்டி இழுக்கும். அதற்கடுத்துத்தான் சத்தம் வரும், அதுவும் பாதிச் சொல்லாக, ‘ஏய்ய்’ என்றோ ‘அம்’ என்றோ. அப்புறம் கொஞ்சம் வெறுமை. அதற்குப் பிறகுதான் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் வாக்கியம். நடிக்கும்போது இந்த வரிசை தலைகீழாகும். ‘அய்யய்யோ என்ன மக்களே இது!’ என்று முழு வாக்கியம் உடனே வந்துவிடும், குறியோ கல்லில் அடித்த மாதிரி அசையாமல் நிற்கும். பார்க்கிறவர் இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

அதனால் ஒத்திகை பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வியூகத்தையும் ஜோக்கையும் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்க்கலாம், வேறொரு உலகத்தில் சண்டை போட்டும் பழகலாம். வீடியோவுக்கான உலகத்தின் எண்டுக்குள் மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது. எந்த உயரத் தூண் எங்கே நிற்கிறது என்பது உலகத்துக்கு உலகம் மாறும். அந்தத் தெரியாமை ஒன்றுதான் ஐந்து கேப்புகளுக்கும் முதல்.

பதிவு செய்வதில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் ஆட்டத்தின் ஒலியையும் மைக் ஒலியையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யலாம். இதைச் செய்யாமல் இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்தால், கிரிஸ்டல் வெடிக்கும் அதே நொடியில் வருகிற அந்தப் பாதிச் சொல் வெடிச் சத்தத்துக்குள் முங்கிவிடும், பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. ரியாக்‌ஷன் எப்போதும் சத்தமான நேரத்தில்தான் வரும் என்பதால் இழப்பும் அங்கேதான். பக்கத்து அறை குக்கர் விசில், ‘டேய், சாப்பிட வா’ என்ற குரல் இவையும் மைக் டிராக்கில் வந்து விழும். இவற்றை வெட்டச் சொல்லும் எடிட்டர்கள் உண்டு. டிராகன் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அதை வெட்டுகிற ஆளை நான் நம்ப மாட்டேன்.

எல்லாம் முடிந்து எடிட்டிங்குக்கு உட்காரும்போது தாளை மறுபடி எடுக்க வேண்டும். சொன்ன வரிகளுக்கு டிக். சொல்லாமல் போனவற்றைப் பின்னால் தனியே மைக்கில் பேசிச் சேர்க்கலாமா? வியூகத்துக்குச் சேர்க்கலாம். அதே மைக், அதே தூரம், அதே மின்விசிறி வேகம் இருந்தால் ஒட்டு தெரியாது. கூண்டுத் தூணில் டிராகன் தள்ளிவிட்டதால் அறுந்துபோன விளக்கத்தின் மிச்சத்தை, அடுத்து ஏறும் காட்சியின் மேல் வைத்துவிடலாம். ஜோக்கைச் சேர்க்கக் கூடாது. அமைதியான அறையில் உட்கார்ந்து சொன்ன சிஎம்டிஏ ஜோக்கில் ஏறும்போது வாங்கும் மூச்சு இருக்காது. கட்டில் ஜோக்குக்கு நேரமே வராமல் வில்லாலேயே டிராகன் விழுந்திருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த தாளில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மைன்கிராஃப்டில் நெதர் என்று இன்னொரு உலகமும் இருக்கிறது. அங்கேயும் கட்டில் வெடிக்கும்.